காலை 94, இரவு 14

இணைய நிறுவனங்களுக்குப் போகும் புகார்களில் பல ஒரே வரியில் அடங்கிவிடும்: "ராத்திரியானா நெட் ரொம்ப ஸ்லோ." சொல்வது உண்மைதான். ஆனால் இந்தப் புகாரைத் தட்டிக்கழிப்பது மிகச் சுலபம். முதலில் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு டெக்னீஷியன் வருவார். தன் போனில் வேகத்தை அளப்பார், தொண்ணூறுக்கு மேல் காட்டும். "லைன் பக்காவா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். மாலைக்குள் புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிடும். அன்று இரவு ஒன்பது மணிக்குப் படம் மறுபடியும் பாதியில் நின்று சுற்றும்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. டெக்னீஷியன் அளந்தது உண்மையான வேகம். கோளாறு இருக்கும் நேரத்தில் அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான். அதனால் மாலை மந்தத்தைப் பற்றிய புகார்க் கடிதம் மற்றப் புகார்களைப்போல எழுதப்படக் கூடாது. அதனுடன் ஒரு வேகப் பதிவேடு போக வேண்டும். அந்தப் பதிவேட்டில் பலரும் விட்டுவிடுகிற பாதி, இரவில் எடுத்த அளவுகள் அல்ல. வேகம் நன்றாக இருக்கும்போது, விடிகாலையில், எடுக்க வேண்டிய அளவுகள்.

ஏன் என்று புரிய, வீட்டுக்கு வரும் கம்பி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இன்று நகரங்களில் பரவலாக இருப்பது ஜிபான் வகை ஃபைபர். நம் வீட்டு மோடத்திலிருந்து போகும் கண்ணாடி இழை, தெருவில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டியில் மற்ற வீடுகளின் இழைகளோடு சேர்கிறது. 32 வீடுகளோ 64 வீடுகளோ சேர்ந்து ஒரே இழையாக, பேட்டையில் இருக்கும் ஓஎல்டி என்ற கருவிக்குப் போகின்றன. அந்த ஒற்றை இழை வினாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் இறக்கும். 64 வீடுகளும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் இழுத்தால் ஒரு வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் விற்றதோ 100. கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை கொடுத்துவிட்டுப் பந்தியில் நூறு இலை போடுகிற கணக்கு இது. எல்லாரும் ஒரே பந்தியில் உட்காராதவரை தவறில்லை. இணையத் தொழிலே இந்தப் பகிர்வில்தான் நடக்கிறது. வீட்டு இணைப்புகளில் ஐம்பது பேர்வரை ஒரு பங்கைப் பகிரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-லேயே வழிகாட்டியிருக்கிறது.

உண்மையில், நெருக்கடி ஸ்ப்ளிட்டரில் வருவது அபூர்வம். நல்ல தரத்தில் ஒரு சினிமா பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும். 64 வீட்டிலும் பார்த்தாலும் 320-தான் ஆகிறது, 2,500-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அடைப்பு பெரும்பாலும் அதற்கு அப்பால், ஓஎல்டி-யிலிருந்து நிறுவனத்தின் பெரிய வலைக்குப் போகும் இணைப்பில் இருக்கும். தமிழ்நாட்டில் பல இடங்களில் இந்தக் கடைசித் துண்டை நடத்துபவர் உள்ளூர் கேபிள்காரர். அவர் 400 வீடுகளுக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பு எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அதில் பாதி, 200 வீடுகள், ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் இழுத்தாலே ஒரு ஜிகாபிட் தீர்ந்துபோகும். யாராவது ஒரு பையன் புதிய கேம் ஒன்றை இறக்க ஆரம்பித்தால் மீதிப் பேர் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நள்ளிரவில் வீடுகள் தூங்கப் போனதும் வழி திறந்துவிடும். உங்கள் மோடத்தில் எந்தக் குறையும் இல்லை, ஃபைபரிலும் இல்லை. அதை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் ஓஎல்டி-க்குப் பின்னால் இருக்கும் ஒரு ஜிகாபிட் இரண்டாகப் போவதில்லை.

காலை அளவு எதற்கு என்பது இப்போது தெரியும். அதே மோடம், அதே கம்பி, அதே மடிக்கணினி, காலை ஆறரைக்கு 94 காட்டி இரவு ஒன்பதேகாலுக்கு 14 காட்டினால், கம்பி பழுது, இணைப்பான் அழுக்கு, மோடம் பழசு என்ற காரணங்கள் தாமாகவே விழுந்துவிடுகின்றன. பழுதான ஃபைபர் கடிகாரம் பார்த்து வேலை செய்யாது. திட்டத்தின் டேட்டா வரம்பு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருந்தால், குறைந்த வேகம் விடிகாலையிலும் அப்படியே நிற்கும். இரவு அளவை மட்டும் அனுப்புபவர் இந்த வாதங்கள் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்து வைக்கிறார்.

ஒரே ஒரு காரணம் மட்டும் இந்தச் சோதனையிலிருந்து தப்பிவிடும். அது வைஃபை. பக்கத்து வீட்டுக்காரர்களும் மாலையில்தான் வீட்டுக்கு வருகிறார்கள், அவர்களுடைய ரூட்டர்களும் அப்போதுதான் மும்முரமாகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரவில் நெரிந்துபோவது சகஜம். வேகம் குறையும் நேரம்கூட ஒத்துப்போகும் என்பதால் இது நம்மையும் ஏமாற்றும், நிறுவனத்துக்கும் நல்ல சாக்காகும். ஆகவே அளவு எடுக்கும்போது மடிக்கணினியை லேன் கேபிளால் நேரே ரூட்டரில் செருக வேண்டும், வைஃபையை அணைக்க வேண்டும், வீட்டில் வேறு யாரும் படம் பார்க்காமல் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் கஷ்டம். இரவு ஒன்பதேகாலுக்கு இரண்டு நிமிடம் டிவியை நிறுத்தச் சொல்வதற்கு வீட்டில் தனி மனு போட வேண்டியிருக்கும்.

அளவை இரண்டு சர்வர்களை வைத்து எடுப்பது நல்லது. வேகச் சோதனைத் தளங்கள் பொதுவாகப் பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தாமே தேர்ந்தெடுக்கும். அது பல நேரம் உங்கள் நிறுவனமே தன் வலைக்குள் வைத்திருக்கும் சர்வராக இருக்கும். அங்கே வேகம் நன்றாக இருந்து வெளி சர்வரில் மட்டும் குறைந்தால், நெரிசல் நிறுவனம் வெளியுலகோடு சேரும் இடத்தில் இருக்கிறது. இரண்டிலும் ஒன்றுபோலக் குறைந்தால் நெரிசல் வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில், அதாவது நம் பேட்டையில். ஆகவே Change Server என்ற பொத்தானை அழுத்தி ஒரு நிறுவன சர்வரையும் ஒரு வெளி சர்வரையும் தேர்ந்துகொண்டு, கடைசிவரை அந்த இரண்டையே பயன்படுத்துங்கள். நாளொரு சர்வரில் எடுத்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

அதோடு பிங். ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அது சொல்லும். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இரண்டு வரி அடித்தால் போதும்:

```
ping -n 20 192.168.1.1
ping -n 20 8.8.8.8
```

முதல் வரி வீட்டு ரூட்டருக்குப் போகிறது (பல ரூட்டர்களின் முகவரி இதுதான், மாறியிருந்தால் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). இரண்டாவது கூகுளின் பொதுச் சர்வருக்குப் போகிறது. முதலாவது ஒன்றிரண்டு மில்லிவினாடியிலேயே நிற்க, இரண்டாவது காலையில் 16-ஆக இருந்தது இரவில் 118-க்கு ஏறினால், செய்தி வீட்டைத் தாண்டிய பிறகு எங்கோ வரிசையில் காத்துக்கிடக்கிறது என்று பொருள். வேகக் குறைவை ஆயிரம் காரணத்தால் விளக்கிவிடலாம், இந்தக் காத்திருப்பை நெரிசலைத் தவிர வேறொன்றால் விளக்குவது கடினம்.

எப்போது அளப்பது? கோபம் வரும்போது அளக்கக் கூடாது. படம் நின்றதும் ஓடிப்போய் அளப்பவருடைய பதிவேட்டில் மோசமான கணங்கள் மட்டுமே சேரும், அதைப் படிக்கும் பொறியாளர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, நன்றாக ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த நேரத்தில் அளக்க வேண்டும். ஜெர்மனியில் இதைச் சட்டமாகவே வகுத்திருக்கிறார்கள். அங்கே கட்டணக் குறைப்பு கேட்க விரும்பும் வாடிக்கையாளர், அரசு ஒழுங்குமுறை அமைப்பின் செயலியில், மூன்று வெவ்வேறு நாட்களில் பரவலாக 30 அளவுகள் எடுத்துக் காட்ட வேண்டும். பிரிட்டனில் வீட்டு இணையத்தின் நெரிசல் நேரமாக இரவு 8 முதல் 10 மணிவரை என்பதையே எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் அப்படிப்பட்ட அளவீட்டு முறை வாடிக்கையாளருக்கென்று இல்லாததால் நாமே கொஞ்சம் கண்டிப்பாக இருந்துகொள்வது நல்லது. இரண்டு வாரம், நாளுக்கு மூன்று வேளை, 42 அளவுகள் என்றால் யாரும் குறைசொல்ல முடியாது.

மதுரையில் 100 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் என் கற்பனை, கடிதத்தின் வடிவம் மட்டும் நிஜம். அவர்கள் எழுதுவது இப்படி இருக்கலாம்:

"வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு,

பொருள்: தினமும் இரவு 8 முதல் 11 மணிவரை இணைய வேகம் குறைவது, வாடிக்கையாளர் எண், திட்டத்தின் பெயர், இதற்குமுன் கொடுத்த இரண்டு புகார்களின் எண்கள் மேலே உள்ளன.

ஐயா/அம்மையீர்,

100 எம்பிபிஎஸ் ஃபைபர் திட்டத்துக்கு மாதந்தோறும் தவறாமல் கட்டணம் செலுத்தி வருகிறோம். மார்ச் 3 முதல் 16 வரை, 14 நாட்கள், காலை 6.30, மாலை 6.30, இரவு 9.15 ஆகிய மூன்று வேளைகளில் வேகத்தை அளந்தோம். எல்லா அளவுகளும் ஒரே மடிக்கணினியில், லேன் கேபிள் மூலம், வைஃபையை அணைத்து, ஒரே இரண்டு சர்வர்களோடு எடுக்கப்பட்டவை. அந்தக் காலத்தில் எங்கள் டேட்டா வரம்பு தீரவில்லை. உங்கள் செயலியில் காட்டும் பயன்பாட்டின் படத்தை இணைத்திருக்கிறோம்.

காலை அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண் 94. இரவு அளவுகளில் நடுவில் நிற்கும் எண் 16. 14 இரவுகளில் 11 இரவுகள் 20-க்குக் கீழே இருந்தன, 2 இரவுகள் 20-க்கும் 40-க்கும் நடுவில், ஓர் இரவு மட்டும் 84. ரூட்டருக்கான பிங் எல்லா நேரமும் 2 மில்லிவினாடிக்குள் இருந்தது. முழுப் பதிவேடும் இணைப்பில் உள்ளது. சில வரிகள் மட்டும் இங்கே:

| நாள், நேரம் | இறக்கம், நிறுவன சர்வர் | இறக்கம், வெளி சர்வர் | ஏற்றம் | வெளி பிங் |
|---|---|---|---|---|
| மார்ச் 3 திங்கள், காலை 6.30 | 94 | 93 | 92 | 16 |
| மார்ச் 3 திங்கள், மாலை 6.30 | 70 | 68 | 91 | 34 |
| மார்ச் 3 திங்கள், இரவு 9.15 | 15 | 14 | 86 | 118 |
| மார்ச் 8 சனி, காலை 6.30 | 95 | 94 | 93 | 15 |
| மார்ச் 8 சனி, இரவு 9.15 | 10 | 9 | 84 | 141 |
| மார்ச் 13 வியாழன், இரவு 9.15 | 85 | 84 | 92 | 22 |

இரவில் உங்கள் சொந்தச் சர்வரிலேயே வேகம் குறைவதாலும், இறக்கம் விழும்போது ஏற்றம் கிட்டத்தட்ட அப்படியே இருப்பதாலும், எங்கள் மோடமோ ஃபைபரோ காரணமல்ல என்று கருதுகிறோம். எங்கள் பகுதி ஓஎல்டி-யிலிருந்து மேலே செல்லும் இணைப்பில் இரவு நேர நெரிசல் இருப்பதாகவே இது காட்டுகிறது. ஆகவே பகலில் டெக்னீஷியனை அனுப்புவதால் பயன் இல்லை. அனுப்புவதானால் இரவு 8.30-க்கு மேல் அனுப்புங்கள்.

அந்த இணைப்பு மேற்கண்ட நாட்களில் இரவு 8 முதல் 11 மணிவரை எத்தனை சதவீதம் நிரம்பியிருந்தது என்றும், அதன் கொள்ளளவை எந்தத் தேதிக்குள் உயர்த்துவீர்கள் என்றும் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம். 30 நாட்களுக்குள் சரிசெய்ய முடியாவிட்டால், மீதமுள்ள முன்பணத்தைத் திருப்பித் தந்து, எந்தப் பிடித்தமும் இல்லாமல் இணைப்பிலிருந்து எங்களை விடுவிக்க வேண்டும்."

இந்தக் கடிதத்தில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். மார்ச் 13 வியாழன் இரவு வேகம் நன்றாக இருந்ததை அவர்கள் மறைக்கவில்லை. அதை விட்டுவிட்டால் 14 இரவும் மோசம் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் நிறுவனத்திடம் அதன் சொந்தப் பதிவு இருக்கிறது. ஒரு வரி பொய்யென்று தெரிந்தால் மீதி 41-க்கும் மதிப்பில்லை. இன்னொன்று, 9 என்ற மிக மோசமான அளவை முகப்பில் தூக்கி வைக்காமல் நடு எண்ணைச் சொன்னது. மோசமான ஒரு கணத்துக்கு ஆயிரம் சாக்கு இருக்கும். நடு எண் 16 என்றால் பாதி இரவுகள் அதற்கும் கீழே என்று பொருள், அதற்குச் சாக்கு சொல்வது கஷ்டம்.

'100 எம்பிபிஎஸ் வரை' என்றுதானே விளம்பரத்தில் போட்டிருக்கிறோம் என்பது நிறுவனத்தின் வழக்கமான பதில். 'வரை' என்ற அந்த ஒட்டுச் சொல்லில்தான் பாதி வியாபாரம் ஓடுகிறது. ஆனால் 2006-ல் டிராய் கொண்டுவந்த அகலக்கற்றைத் தர விதிமுறைகள் அதற்கு ஓர் அடித்தளம் போட்டன. நிறுவனத்தின் முனையிலிருந்து வாடிக்கையாளர் வரைக்கும், வாங்கிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்றன. நிறுவனத்தின் உள் இணைப்புகள் நெரிசல் நேரத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே நிரம்பியிருக்க வேண்டும் என்றன. 90-ஐத் தாண்டினால் அது நெரிசல்தான், ஒரு மாதத்துக்குள் கூடுதல் கொள்ளளவு போட்டாக வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. கடிதத்தில் 'எத்தனை சதவீதம் நிரம்பியிருந்தது' என்று கேட்டது இதனால்தான். வேகம் என்று கேட்டால் வாதாடலாம், நிரம்பிய சதவீதம் என்பது அவர்கள் கணினியிலேயே தினமும் பதிவாகும் எண். 2024-ல் டிராய் தர விதிமுறைகளைப் புதிதாகத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. கடிதத்தில் விதி எண்ணை எழுதுவதாக இருந்தால் அதில் நடப்பு வாசகத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

80 சதவீதம் 'நிறுவனத்தின் முனையிலிருந்து' என்பதைக் கவனிக்காமல் பலர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் ஒரு சர்வரோடு எடுத்த அளவை மட்டும் அனுப்பினால், அது எங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் சொல்வது சரிதான். நிறுவன சர்வரில் எடுத்த அளவும் கையில் இருக்க வேண்டியதன் காரணம் அதுவே.

இந்தப் பதிவேட்டுக்கு ஓர் எல்லை உண்டு. நெரிசல் இருக்கிறது என்று அது நிறுவும், அடைப்பு எந்தக் கருவியில் என்று துல்லியமாகச் சொல்லாது. சிலர் `tracert 8.8.8.8` என்று அடித்து, வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரின் பதில் நேரத்தையும் பார்த்து, எங்கே எண் பெரிதாக இருக்கிறதோ அங்கேதான் அடைப்பு என்று கடிதத்தில் அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். நடுவழி ரூட்டர்கள் இப்படிப்பட்ட விசாரிப்புக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். அதனால் ஒரு வரியில் மட்டும் எண் ஏறி அடுத்த வரியில் இறங்கிவிட்டால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஏறிய எண் அதற்குப் பின்வரும் எல்லா வரிகளிலும் ஏறியே இருந்தால்தான் பொருட்படுத்த வேண்டும். அப்போதும் காலை, இரவு இரண்டு பட்டியலையும் இணைத்து, முடிவை அவர்களிடமே விட்டுவிடுவது மேல்.

கடிதம் மின்னஞ்சலில் போனதும் புகார் எண் வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் எல்லாப் படிகளுக்கும் அதுதான் சாவி. 'கொள்ளளவு உயர்த்தும் பணி நடக்கிறது' என்று பதில் வந்தால் எரிச்சலடைய வேண்டாம், நெரிசலை எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 'எங்கள் சோதனையில் வேகம் சரியாக உள்ளது' என்று வந்தால், எந்தத் தேதி, எந்த நேரம் சோதித்தீர்கள் என்று ஒரே வரியில் திருப்பிக் கேளுங்கள். புகார் தீராமலே மூடப்பட்டால், டிராயின் 2012 புகார் தீர்ப்பு விதிமுறைகளின்படி அடுத்த படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு ஆணையம். 30 நாட்களுக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். நேரே டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாமா என்று நெடுநாள் இழுபறி இருந்தது. விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் மாதம் சில நூறு ரூபாய் இணைப்புக்காக மாதக்கணக்கில் அலைய எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? பெரும்பாலோர் வேறு நிறுவனத்துக்கு மாறுவார்கள். மாறுமுன் ஒன்றை விசாரித்துக்கொள்வது நல்லது. புதிய நிறுவனத்தின் இணைப்பையும் அதே கேபிள்காரர், அதே ஓஎல்டி-யிலிருந்து தருவதாக இருந்தால், பில்லில் பெயர் மட்டும்தான் மாறும். தெருவில் அந்த நிறுவனத்தை ஏற்கெனவே வைத்திருப்பவர் யாரிடமாவது இரவு ஒன்பதேகாலுக்கு ஒரு தடவை அளந்து பார்க்கச் சொன்னால் இது தெரிந்துவிடும்.

இணைப்பை உயர்த்திவிட்டார்கள் என்று செய்தி வந்தாலும் பதிவேட்டை இன்னும் இரண்டு வாரம் தொடருங்கள். முன்பு எடுத்த அதே நேரங்கள், அதே சர்வர்கள். முக்கியமாக ஒரு சனிக்கிழமை இரவும், இந்திய அணி ஆடும் கிரிக்கெட் ஆட்டம் இருக்கும் ஓர் இரவும் அதில் இருக்க வேண்டும். அந்த இரவுகளிலும் நிறுவன சர்வரில் 80-க்குக் குறையாமல், பிங் காலை அளவை ஒட்டியே இருந்தால், கொள்ளளவை உண்மையிலேயே கூட்டியிருக்கிறார்கள். வேகம் ஏறி பிங் மட்டும் இன்னும் நூறைச் சுற்றியே இருந்தால், கூட்டியது போதவில்லை. இணைப்பு மறுபடி விளிம்புவரை நிரம்பிக்கொண்டிருக்கிறது. அப்போது புதிய புகார் எண் வாங்காமல், பழைய எண்ணைக் குறிப்பிட்டே அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.